ஜம்ப்சூட், பிளேசூட், ரொம்பர், டங்கரீஸ்: காலைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி பார்சல் கட்டுகிறா. "ஜம்ப்சூட் வேணுமோ, டங்கரீஸ் வேணுமோ? பிளேசூட், ரொம்பர் எண்டும் கிடக்கு. எது எண்டு கெதியாச் சொல்லுங்கோ" என்று கேட்கிறா. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கும் மகளுக்கும் படத்தில் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. மேலும் கீழும் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு. சிலவற்றுக்கு நீளக்கால், சிலவற்றுக்குக் கட்டைக்கால். இப்படித் தடுமாறுகிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

பெரும்பாலானோர் கால் நீளத்தைப் பார்த்துத்தான் பெயரைச் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. முழங்காலுக்கு மேலே நிற்கும் டங்கரீசும் உண்டு; அதைப் பிளேசூட் என்று நினைத்து வாங்கினால் உள்ளே போட ரீசேர்ட் இல்லாமல் நிற்க வேண்டிவரும். இந்த நான்கையும் உண்மையில் பிரிப்பது இடுப்பு. மேற்பகுதியும் காற்சட்டையும் இடுப்பில் எப்படிச் சேர்கின்றன என்பதுதான் அளவு பிடிக்குமா, இருக்க எழும்ப முடியுமா, ரெய்லரிடம் கொடுத்துத் திருத்தலாமா என்ற மூன்றையும் முடிவு செய்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

| | ஜம்ப்சூட் | பிளேசூட் | ரொம்பர் | டங்கரீஸ் |
|---|---|---|---|---|
| வெட்டு | சட்டையும் நீளக் காற்சட்டையும் சேர்ந்தது | உடலோடு ஒட்டிய சட்டையும் கட்டைக் காற்சட்டையும் | தளர்வான சட்டையும் கட்டைக் காற்சட்டையும் | முன்பக்கம் நெஞ்சுத்துண்டு வைத்த காற்சட்டை |
| தோள் | கை வைத்தது, கையில்லாதது, பட்டி வைத்தது என எல்லாம் உண்டு | மெல்லிய பட்டி அல்லது சிறிய கை | அகலப் பட்டி அல்லது குட்டைக் கை | நீளம் கூட்டிக் குறைக்கும் பட்டி, கொழுக்கி |
| கால் | கணுக்கால் வரை | தொடையின் மேற்பாதி | தொடை நடு வரை | பெரும்பாலும் முழுநீளம், கட்டையும் உண்டு |
| இடுப்பு | தைத்த இடுப்பு, சிலவற்றுக்குப் பெல்ட் | இறுக்கமாகத் தைத்த இடுப்பு | இலாஸ்ரிக் அல்லது இழுத்துக் கட்டும் நாடா | தளர்ந்த இடுப்பு, இரு பக்கமும் பட்டன் |
| உள்ளே இன்னொரு சட்டை | தேவையில்லை | தேவையில்லை | தேவையில்லை | கட்டாயம் வேண்டும் |
| உடல் நீளம் போதாவிட்டால் | திருத்துவது கடினம் | மிகக் கடினம் | ஓரளவு தானே சரிவரும் | பட்டியை இளக்கினால் போதும் |

கடைப்பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். லண்டன் கடைகள் பெரியவர்களின் கட்டைக்கால் உடுப்பைப் பெரும்பாலும் பிளேசூட் என்றும் குழந்தைகளின் உடுப்பை ரொம்பர் என்றும் போடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டுமே ரொம்பர்தான். டங்கரீசை அங்கே ஓவரோல் என்பார்கள். அதனால் சித்தியிடம் பெயரை மட்டும் சொல்லாமல் "இடுப்பு இலாஸ்ரிக்கோ, தைச்சதோ?" என்று கேளுங்கள்.

## முதலில் எடுக்கவேண்டிய அளவு

சட்டைக்கு நெஞ்சளவு, காற்சட்டைக்கு இடுப்பளவு என்று எடுத்துப் பழகிவிட்டோம். சேர்ந்த உடுப்புக்கு இவை போதாது. தோளின் நடுவில் அளவு நாடாவை வைத்து, நெஞ்சு வழியாக இறக்கி, கவட்டுக்குள்ளால் எடுத்து, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் சுற்று நீளம் என்று வைத்துக்கொள்வோம். தனியே எடுக்க முடியாது, ஒருவர் உதவ வேண்டும். நாடாவை இறுக்கக்கூடாது, உடலோடு பட்டும் படாமலும் போனால் சரி.

நின்றபடி எடுத்த பிறகு அதே நாடாவைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் நாடா இழுபடும். வழமையாக 2 அங்குலமளவில் கூடும். குனியும்போது இன்னும் கொஞ்சம் கூடும். உடுப்பில் இந்த மேலதிக நீளம் எங்காவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் நேரம் முழுக்கக் கவடு வெட்டும், கழுத்து கீழே இழுபடும், பட்டி தோளில் தழும்பு பதிக்கும். நின்று கண்ணாடி பார்க்கும்போது இது ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மகளின் உயரம் 5 அடி 3 அங்குலம். நின்று எடுத்த சுற்று நீளம் 60 அங்குலம், இருந்து எடுத்தால் 62. இடுப்பு 28, பின்பக்கச் சுற்றளவு 38, உள்கால் நீளம் 29. நெசவுத் துணிக்கு உடுப்பின் சுற்று நீளம் உடலைவிட 2 முதல் 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இவவுக்கு அது 62 முதல் 63. ரீசேர்ட் போல இழுபடும் பின்னல் துணியென்றால் 60 அல்லது 61 போதும்.

உடுப்பின் சுற்று நீளத்தை எடுப்பது சுலபம். கட்டிலில் விரித்து வைத்து, முன்பக்கம் தோள் தையலின் நடுவிலிருந்து கவட்டுத் தையல் வரை ஓர் அளவு, திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம் இன்னோர் அளவு. இரண்டையும் கூட்டினால் வரும். பின் அளவு முன்னளவைவிட ஒன்றரை அங்குலமாவது கூடியிருந்தால் வெட்டியவருக்கு வேலை தெரியும் என்று கொள்ளலாம். முன்னும் பின்னும் சமமென்றால் அந்த உடுப்பை அணிந்துகொண்டு குனியவே முடியாது.

## ஜம்ப்சூட்

சித்தி அளந்து அனுப்பிய ஜம்ப்சூட்டில் முன் 30, பின் 32½, மொத்தம் 62½ அங்குலம். மகளுக்குப் பிடிக்கும். உள்கால் 31 அங்குலம் இருந்தால் கீழே 2 அங்குலம் மடித்துத் தைக்கலாம். அது எந்த ரெய்லருக்கும் சின்ன வேலை. ஆனால் நாளைக்கு எந்தச் செருப்பைப் போடப் போகிறாரோ அதைப் போட்டபடி மடிப்பை ஊசியால் குத்திப் பார்த்து, நிலத்திலிருந்து ஓர் அங்குலம் உயர்த்தி வையுங்கள்.

அடுத்தது சிப். முதுகில் சிப் வைத்த ஜம்ப்சூட்டுக்கு அது இடுப்புத் தையலோடு நின்றுவிடக்கூடாது. கீழே 7 அல்லது 8 அங்குலம் போக வேண்டும். இல்லையென்றால் 28 அங்குல இடுப்புத் தையலுக்குள்ளால் 38 அங்குலத்தை நுழைக்க வேண்டும். முதல் தரம் எப்படியோ நுழையும். இரண்டாம் மூன்றாம் தரம் சிப்பின் அடியிலுள்ள தையல் பிரியும். போடும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேதான். முதுகுச் சிப்புக்கு வீட்டில் யாராவது வேண்டும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். விடுதியில் தனியே இருக்கும் பிள்ளைக்கு, முன்பக்கம் கழுத்திலிருந்து கவடு வரை பட்டன் வைத்த ஜம்ப்சூட்தான் நல்லது. தொழிற்சாலை உடுப்பு மாதிரி இருக்கும் என்பார்கள். இருந்தாலும் போடவும் கழற்றவும் அதைவிடச் சுலபமானது இல்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு மலசலகூடத்தில் இருக்கிறது. முழு உடுப்பையும் இறக்க வேண்டும். எங்கள் ஊரில் பொது இடங்களில் பெரும்பாலும் குந்தி இருக்கும் மலசலகூடங்கள்தான், நிலமும் ஈரம். அகலக்கால் ஜம்ப்சூட்டென்றால் முதலில் இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே சுருட்டி ரப்பர் பான்ட் போட்டுவிட்டு, பிறகு மேற்பகுதியை இறக்கி மடியில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கலியாண வீட்டில் நாள் முழுக்க நிற்கப்போகிறவர் இதை யோசித்துவிட்டு எடுக்கட்டும்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொன்று. காலடியின் சுற்றளவு 20 அங்குலத்தைத் தாண்டினால் வலது கால் சங்கிலியில் அகப்படும். கீழே ஒடுங்கிய கால், அல்லது கணுக்காலில் பட்டன் போட்டு இறுக்கும் கால் எடுங்கள். ஸ்கூட்டிக்கு அகலக்கால் பரவாயில்லை. ஆனாலும் காற்றில் பறக்கும் துணியை இருக்கையோடு அமத்திவிட்டுத்தான் இருக்க வேண்டும்.

வரவேற்பு விழா, அலுவலகம், விமானப் பயணம் போன்றவற்றுக்கு நான்கில் ஜம்ப்சூட்தான் பொருத்தம். மேலேயும் கீழேயும் என்ன போடுவதென்று தேட வேண்டியதில்லை, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். துணியில் கவனம் வையுங்கள். பொலியெஸ்டர் கிரேப் சுருங்காது, கசங்காது. ஆனால் ஏப்ரல் மே வெயிலில் முதுகோடு ஒட்டும். ரேயோன் குளிர்ச்சியாக இருக்கும், முதல் தோய்ப்பில் சுருங்கும். சுருங்கினால் பறிபோவது சுற்று நீளம்தான். ரேயோனில் வாங்கினால் 64 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். தைக்கக் கொடுத்தால் துணியை வெட்டுமுன் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தச் சொல்லுங்கள்.

## பிளேசூட்

நான்கில் அளவு விஷயத்தில் மிகவும் கறாரானது இதுதான். இடுப்பு இறுக்கமாகத் தைக்கப்பட்டிருப்பதால் மேலேயும் விட்டுக்கொடுக்காது, கீழேயும் விட்டுக்கொடுக்காது. காற்சட்டை கட்டையாக இருப்பதால் இழுபடும் தூரம் முழுவதும் தொடையில் தெரியும்: இருந்தவுடன் கால்விளிம்பு இரண்டு அங்குலம் மேலே ஏறும்.

சித்தி பார்த்த பிளேசூட்டில் முன் 29, பின் 31½. மொத்தம் 60½ அங்குலம். மகளின் 60க்கு அரை அங்குலம்தான் மிச்சம். நின்று படமெடுக்கச் சரி, இருந்தால் வெட்டும். "ஒரு சைஸ் பெரிசாக எடுத்தால்?" என்று கேட்கத் தோன்றும். சைஸ் கூடும்போது நெஞ்சும் இடுப்பும் ஒன்றரை, இரண்டு அங்குலம் பெருக்கும். உயரவாக்கில் கூடுவது அதைவிடக் குறைவு. ஆக நீளம் இன்னமும் போதாமல், அகலம் மட்டும் தொங்கும் உடுப்புத்தான் கைக்கு வரும்.

ரெய்லரிடம் கொடுத்தால் ஒரு வழி உண்டு. இடுப்புத் தையலைப் பிரித்து, நடுவே ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு பட்டியை வைத்துத் தைக்கலாம். முன்னுக்கு ஒன்றரை, பின்னுக்கு ஒன்றரை, மொத்தம் 3 அங்குலம் கிடைக்கும். 60½ அங்குலம் 63½ ஆகும். அதே துணி கிடைக்காது. ஆகவே கறுப்புப் போன்ற வேறு நிறத்தில், வேண்டுமென்றே வைத்த பெல்ட்போலத் தெரியும்படி வைக்க வேண்டும். சிப் இடுப்பைத் தாண்டிப் போகுமென்றால் அதையும் கழற்றி நீளமான சிப் போட வேண்டிவரும். இத்தனை வேலைக்கு விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தோள்பட்டி வைத்த பிளேசூட்டில் அந்தத் தோள்பட்டியை மட்டும் நீட்டித் தரச் சொல்பவர்களும் உண்டு. அப்படி நீட்டினால் கழுத்தும் கைத்துவாரமும் அதே அளவு கீழிறங்கும், நெஞ்சுச் சுருக்கும் இடம் மாறி நிற்கும். ஓர் அங்குலத்துக்கு மேல் அது தாங்காது.

எங்கே போடலாம் என்று பார்த்தால் கசூரினாக் கடற்கரை, நண்பர்களின் பிறந்தநாள், வெளிநாட்டுப் பயணம். முன்பக்கம் ஒரு மடிப்புத் துணி விட்டுப் பாவாடை மாதிரித் தெரியும் பிளேசூட் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்காத வகை அதுதான். கோயில் விஷயத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். நல்லூருக்கு இந்த நான்கில் எதையும் போடாமல் சேலையோ பஞ்சாபியோ அணிந்து போவதுதான் முறை.

## ரொம்பர்

படத்தில் பிளேசூட்டும் ரொம்பரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கைகளால் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுபட்டால் ரொம்பர்.

இலாஸ்ரிக் இடுப்பு செய்யும் உதவி பெரியது. மேற்பகுதியில் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியிருப்பார்கள். அது இடுப்புக்கு மேலே பொங்கி நிற்கும். இருக்கும்போது அந்தப் பொங்கல்தான் முதுகுக்கு வேண்டிய நீளத்தைக் கொடுக்கிறது, எழும்பினால் பழையபடி பொங்குகிறது. முன் 31½, பின் 33, மொத்தம் 64½ அங்குலம் வரும் ரொம்பர் மகளுக்குத் தொங்காமல் நிற்பது அதனால்தான். ஆனால் இலாஸ்ரிக் மறைப்பது இடுப்புக்கு மேலுள்ள கூடுதலை மட்டுமே. இடுப்பிலிருந்து கவடு வரையுள்ள பகுதி நீண்டுவிட்டால் கவடு தொடையில் தொங்கி, நடக்கும்போது உராயும். அதைப் பார்க்கக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, இடுப்பிலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளந்து, ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கூட்டிக்கொள்ளுங்கள். உடுப்பின் பக்கத்தில் இடுப்பிலிருந்து கவட்டு மட்டம் வரை இதைவிட நிறைய நீளமென்றால் விட்டுவிடுங்கள்.

சிப் இல்லாத ரொம்பர் கழுத்து வழியாகவே போடுவது. இலாஸ்ரிக்கை முழுதாக இழுத்தால் 38 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். 40 வந்தால் நிம்மதி.

இலாஸ்ரிக் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணிக்குள் குழாய் மாதிரி வழிவிட்டு நுழைத்திருந்தால், தளர்ந்த பிறகு ஓர் இடத்தைப் பிரித்து ஊக்கில் புது இலாஸ்ரிக்கைக் கோத்து இழுத்துவிடலாம்; வீட்டிலேயே அரை மணித்தியால வேலை. துணியோடு சேர்த்தே தைத்திருந்தால் தையல் முழுவதையும் பிரிக்க வேண்டும், பெரும்பாலும் துணியும் கிழியும். இலாஸ்ரிக்கைக் கொல்வது வெயிலும் சூடான மினுக்கியும்தான். நிழலில் காயவிடுங்கள், இடுப்பை மினுக்க வேண்டாம்.

குழந்தைகளின் ரொம்பர் வேறு கதை. ஒன்றரை வயது வரை பம்பர்ஸ் மாற்றுவதற்காக இரு உள்காலிலும் அழுத்திப் பூட்டும் பட்டன் வரிசை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தரமும் குழந்தையின் உடுப்பை முழுதாகக் கழற்ற வேண்டும். பட்டனுக்குப் பின்னால் உறுதியான நாடா ஒன்று ஓடுகிறதா என்றும் பாருங்கள். வெறும் பின்னல் துணியில் அடித்த பட்டன் சில வாரங்களில் ஓட்டையோடு கையில் வரும். தானே மலசலகூடம் போகப் பழகும் வயதில் ரொம்பரும் வேண்டாம், டங்கரீசும் வேண்டாம். அந்த வயதுக்கு இலாஸ்ரிக் காற்சட்டைதான்.

## டங்கரீஸ்

மற்ற மூன்றும் ஒரு குடும்பம், இது தனி. முழுச் சட்டை கிடையாது. முன்பக்கம் நெஞ்சுத்துண்டு, பின்னாலிருந்து வரும் இரண்டு பட்டிகள், அவற்றின் நுனியில் பட்டனில் மாட்டும் கம்பிக் கொழுக்கி. சுற்று நீளத்தைத் தீர்மானிப்பது பட்டி; அதைக் கூட்டிக் குறைக்கலாம். இதனால்தான் வளரும் பிள்ளைக்கு நான்கில் காசுக்குப் பெறுமதியானது டங்கரீஸ். பட்டியில் 4 அங்குலம் மிச்சமும் காலடியில் 3 அங்குலம் உள்மடிப்பும் இருந்தால் ஒரு பிள்ளை இரண்டு வருடம் போடும், பிறகு தங்கச்சிக்குப் போகும்.

பட்டியை ஏற்றினால் கவடும் சேர்ந்து ஏறும். குழந்தைகளுக்குப் பட்டி நழுவுகிறது என்று அம்மாமார் இறுக்கிவிடுவார்கள், பிள்ளை குந்த முடியாமல் அழும். நழுவுவதற்குக் காரணம் நீளமாக இருக்காது. முதுகில் பட்டிகள் சமாந்தரமாக ஓடுவதாக இருக்கும். முதுகில் குறுக்கே கடக்கும் பட்டியோ, நடுவில் ஒன்றாகச் சேரும் பட்டியோ வைத்ததை எடுத்தால் நழுவாது.

இடுப்பின் இரு பக்கமும் இரண்டு மூன்று பட்டன் வைத்துத் திறக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான டங்கரீசில் அதை வெறும் அலங்காரமாகத் தைத்துவிடுவார்கள், திறக்காது. திறக்காத இடுப்பு 38 அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் ஏறும்; ஏறினாலும் 28 அங்குல இடுப்பில் வாளிபோல நிற்கும்.

கொழுக்கியில் ஒரு சின்னச் சோதனை. காந்தம் ஒட்டினால் அது இரும்பு. மேலே பூசிய பூச்சு தேய்ந்ததும் கடற்காற்றில் கறள் பிடிக்கும், ஈரத்துணியில் செம்மஞ்சள் கறை விடும். அந்தக் கறை தோய்த்தால் போகாது. ஒட்டாததை எடுங்கள்.

வெப்பம்தான் டங்கரீசின் பெரிய குறை. உள்ளே ரீசேர்ட், மேலே டெனிம். தடித்த டெனிம் ஐப்பசி கார்த்திகை மழையில் கொடியில் இரண்டு நாள் கிடந்தாலும் இடுப்புப் பட்டியும் பொக்கற்றும் காயாது, மணக்கத் தொடங்கும். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. மிச்சம் துணியிலேயே தங்கி டெனிமைத் தகரம்போல ஆக்கும். கடைசி அலசலை இரண்டு தரம் செய்தால் கொஞ்சம் இளகும். இதற்கெல்லாம் பதிலாக மெல்லிய பருத்தி அல்லது லினன் டங்கரீஸ் எடுத்தால் பாதித் தொல்லை போய்விடும். மலசலகூடத்தில் பட்டியை அவிழ்த்தால் அது நேரே பின்னால் ஈரநிலத்தில் விழும். அவிழ்க்குமுன் இரண்டு நுனியையும் முன்னுக்கு எடுத்து ஒன்றோடொன்று முடிந்து கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

## இந்த வீட்டுக்கு எது

மகள் ஸ்கூட்டியில் வகுப்புக்குப் போகிறா, வருடத்தில் நாலைந்து விழா. அன்றாடத்துக்கு மெல்லிய பருத்தியில் ஒடுங்கிய கால் டங்கரீஸ், விழாவுக்கு 62½ அங்குல ஜம்ப்சூட். 60½ அங்குலப் பிளேசூட்டை எவ்வளவு கழிவு விலையில் போட்டாலும் வேண்டாம். வீட்டில் போட ஒன்று வேண்டுமென்றால் ரொம்பர். அதற்கு இங்கேயே துணி எடுத்துத் தைக்கலாம். 45 அங்குல அகலத் துணியில் இரண்டரை மீற்றர் எடுத்தால் போதும்.

சித்திக்கு அனுப்ப வேண்டியது ஐந்து எண்கள்தான்: சுற்று நீளம் நின்று 60, இருந்து 62, இடுப்பு 28, பின்பக்கம் 38, உள்கால் 29. அவ கடையிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய அதே உடம்புக்காரி யாராவது அங்கே இருந்தால், போட்டுவிட்டுக் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள், பிறகு குனிந்து செருப்புப் பூட்டச் சொல்லுங்கள், கடைசியாக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். மூன்றாவதில் கவடு வெட்டினால் திருப்பித் தொங்கவிட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.